வண்டி ஓடும்போதே பாலத்தைத் தூக்கலாமா?
பாலப் பேரிங் மாற்றும் செய்முறை பற்றிய ஓர் ஆய்வு

கேள்வி

ஆற்றுப் பாலத்தின் மேல்தளம் தூண்களின் மேல் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே பேரிங் இருக்கிறது. வெயிலில் தளம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. பாரம் ஏறும்போது கர்டரின் முனை சற்றே சுழல்கிறது. லாரி பிரேக் அடித்தால் தளம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. இந்த அசைவுகளைத் தூணுக்குக் கடத்தாமல் தன்னிடமே வாங்கிக்கொள்வதுதான் பேரிங்கின் வேலை. இன்று பாலங்களை 100 ஆண்டு ஆயுளை மனத்தில் வைத்து வடிவமைக்கிறார்கள். ரப்பர் பேரிங்கிடம் அதில் பாதியைக்கூட யாரும் உறுதியாக எதிர்பார்ப்பதில்லை. ஆகவே பாலம் வாழும் காலத்தில் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, தளத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பேரிங்கை மாற்றியாக வேண்டும்.

இதற்காகத் தயாரிக்கப்படும் செய்முறை அறிக்கையில் வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும்: ஜாக்கிகளை இயக்கும் வரிசை, தற்காலிகத் தாங்குகள், போக்குவரத்துக் கட்டுப்பாடு. மூன்றாவதைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் எழுதுகிறார்கள், அதுவும் காவல் துறையின் அனுமதிக்குரிய இணைப்பாக. ஆனால் தளத்தைத் தாங்கி நிற்கும் நேரத்தில் அதன் மேல் எந்த வண்டி ஓடும் என்பதைத் தீர்மானிக்காமல் ஜாக்கியின் கொள்ளளவையும் முடிவு செய்ய முடியாது, தாங்கின் அளவையும் முடிவு செய்ய முடியாது. வண்டி ஓடும்போதே பாலத்தைத் தூக்கலாமா என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் பல காலமாகப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது, எங்கே தளர்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்குகள் வெறும் எண்களாக நிற்காமலிருக்க ஒரு மாதிரிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். அமராவதி ஆறு தாராபுரத்தை ஒட்டி ஓடும் பகுதியில் அமையக்கூடிய, 20 மீட்டர் கண்களும் கண்ணுக்கு மூன்று கான்கிரீட் கர்டர்களும் கொண்ட இருவழிப் பாலம் அது. குறிப்பிட்ட எந்தப் பாலத்தையும் இது சுட்டவில்லை. கொங்கு நாட்டு ஆறுகளின் குறுக்கே பரவலாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது, அவ்வளவே.

பேரிங் எப்படிச் சாகிறது

பழைய பாலங்களில் இரும்பு உருளைகளும் ராக்கர்களுமே பேரிங்காக இருந்தன. எண்ணெய் காய்ந்து துரு ஏறியதும் அவை இறுகிவிடும். தளம் நீளும்போது உருள வேண்டிய உருளை உருளாது, அந்த இழுவை முழுவதும் தூணின் தலைக்குப் போகும். ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே எஃகுத் தகடுகளை வைத்து ஒட்டிய பேரிங் 1950-களில் பரவத் தொடங்கியது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1957-இல் கட்டப்பட்ட பெல்ஹாம் பாலம் அதன் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எண்ணெய் வேண்டாம், துருவும் பிடிக்காது என்ற நம்பிக்கையில் இந்தியாவிலும் நெடுஞ்சாலைப் பாலங்கள் இந்த வகைக்கு மாறின.

துரு பிடிக்காவிட்டாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. காற்றில் உள்ள ஓசோனால் அதன் விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வெடிப்பு வழியாக ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் தகடு துருப்பிடித்து அடுக்குகள் பிரியும். ஆய்வுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியவை எளியவை. பேரிங்கின் பக்கவாட்டுப் புடைப்பு எல்லா அடுக்குகளிலும் ஒரே சீராக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பிதுங்கி நிற்கிறதா? பேரிங் தன் பீடத்திலிருந்து நகர்ந்திருக்கிறதா? மேல்முகமும் கீழ்முகமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சாய்ந்திருக்கின்றன? இந்திய சாலைப் பேரவையின் 83-ஆம் விதிநூலின் முந்தைய பதிப்பு, ரப்பரின் மொத்தக் கனத்தில் 0.7 பங்குக்கு மேல் பக்கவாட்டுச் சாய்வு இருக்கக் கூடாது என்றது. 30 மில்லிமீட்டர் ரப்பர் என்றால் 21 மில்லிமீட்டர் எல்லை. நம் மாதிரிப் பாலத்தின் 20 மீட்டர் தளம் 25 டிகிரி வெப்ப மாற்றத்தில் 6 மில்லிமீட்டர்தான் நீளும், அதிலும் பாதிதான் ஒரு முனைக்கு. ஆகவே பேரிங் அந்த எல்லையைத் தொட்டிருந்தால் வெப்பத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே கோணலாக வைத்திருக்கலாம், தூண் சாய்ந்திருக்கலாம், அடைத்துப்போன விரிவு இணைப்பு தளத்தை ஒரே பக்கமாகத் தள்ளியிருக்கலாம். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதுப் பேரிங் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

எவ்வளவு தூக்குவது

தூக்கும் உயரம் பற்றி இரு கருத்துகள் உண்டு. குறைவாகத் தூக்கி, பேரிங்கின் அடியில் இருக்கும் கான்கிரீட் பீடத்தைக் கொத்தி இடம் உண்டாக்க வேண்டும் என்பது ஒன்று. தாராளமாக 20, 30 மில்லிமீட்டர் தூக்கி, பீடத்தைத் தொடாமல் பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டும் என்பது மற்றொன்று.

குறைவாகத் தூக்கும் வழி, கர்டருக்கும் தூண்தொப்பிக்கும் நடுவே கையளவு இடைவெளியே உள்ள பழைய பாலங்களில் பிறந்தது. அந்த இடைவெளியில் சாதாரண ஜாக்கி நுழையாது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரெசினே உருவாக்கிய தட்டை ஜாக்கி இதற்கு உதவியது. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளை விளிம்பில் இணைத்துச் செய்த பை போன்றது அது. மூடிய நிலையில் இரண்டு விரல்கடைக்குள் அடங்கும், திரவத்தை ஏற்றினால் உப்பித் தூக்கும். ஆனால் அது உயரக்கூடிய அளவு குறைவு, ஒரு முறை உப்பியதை மறுபடி நம்பிப் பயன்படுத்த முடியாது. இப்போது உயரம் குறைந்த உருளை ஜாக்கிகள் கிடைப்பதால் அந்த நெருக்கடி ஓரளவு தளர்ந்திருக்கிறது.

தாராளமாகத் தூக்குவதை ஆதரிப்போர், பீடத்தைக் கொத்துவதே தூணுக்குச் செய்யும் சேதம் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதிர்வுச் சுத்தியலால் கொத்தும்போது தூண்தொப்பியின் மேல் கம்பிகள் வெளிப்படுவது உண்டு. ஆயினும் தளம் மேலே போகப் போக விரிவு இணைப்பில் படி உண்டாகும், கைப்பிடிச் சுவர்கள் உரசும், பாலத்தைக் கடக்கும் குடிநீர்க் குழாய் விறைக்கும். அதனால் தளம் போக்குவரத்தைச் சுமக்கப் போகிறதென்றால் குறைவாகத் தூக்குவதே சரியென்று தோன்றுகிறது. முழுதாக மூடிய பாலத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. பழைய பேரிங் ஊசிகளால் கர்டரில் பிணைக்கப்பட்டிருந்தால் மட்டும், ஊசியின் நீளத்துக்காவது தூக்குவதைத் தவிர்க்க முடியாது.

மாதிரிப் பாலத்தில் 5 மில்லிமீட்டர் போதும் என்று கொள்வோம். ஒரு முனையை அவ்வளவு உயர்த்தினால் 20 மீட்டரில் 4000-க்கு 1 என்ற சரிவுதான் வரும். தனித்தனிக் கண்களாக உள்ள பாலத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பல கண்கள் ஒரே தொடராக வார்க்கப்பட்ட பாலத்தில் கதை வேறு. அங்கே ஒரு தூணின் மேல் மட்டும் தளத்தை உயர்த்தினால் பக்கத்துக் கண்கள் வளையும். அனுமதிக்கத்தக்க உயரம் அந்த வளைவுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், கையேட்டிலிருந்து அல்ல.

அழுத்தத்தை நம்புவதா, உயர்வை அளப்பதா

மாதிரிப் பாலத்தின் ஒரு கண், கர்டர், தளம், தார், கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்து, தோராயமாக 210 டன். ஒரு முனைக்கு 105 டன், ஒரு கர்டருக்குச் சராசரியாக 35 டன். கர்டருக்கு இரண்டு ஜாக்கி வைத்தால் ஒவ்வொன்றின் பங்கும் 17.5 டன். 50 டன் ஜாக்கிகளை வைத்தால் அவை பாதித் திறனையும் எட்டாது. பெரும்பாலான ஜாக்கிகள் 700 பார் அழுத்தத்தில் முழுத் திறன் காட்டும்படி செய்யப்பட்டவை. ஆகவே நம் அழுத்தமானியில் 250 பார் அளவில் தளம் பேரிங்கை விட்டு எழ வேண்டும்.

ஆறு ஜாக்கிகளையும் ஒரே பம்பில் ஒரே குழாய்த் தொடரில் இணைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாகவே எழும் என்பது பழைய நம்பிக்கை. ஒரே அழுத்தம் என்றால் ஒரே விசை என்று மட்டுமே பொருள், ஒரே உயர்வு என்று பொருளல்ல. மூன்று கர்டர்களுக்கும் எடை சரிசமமாக இருப்பதில்லை. குறைந்த எடையைச் சுமக்கும் கர்டர் முதலில் எழும், மற்றவை அசையாமல் நிற்கும். அந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டியது அவற்றை இணைக்கும் குறுக்கு உத்தரமும் தளப் பலகையும். 3 மில்லிமீட்டர் வேறுபாடே பழைய குறுக்கு உத்தரத்தின் மூலையில் சாய்ந்த வெடிப்பை உண்டாக்கப் போதுமானதாக இருக்கலாம்.

இதற்கு எதிராக எழுந்த நிலைப்பாடு, ஒவ்வொரு புள்ளியின் உயர்வையும் உணர்கருவி கொண்டு அளந்து, கணினி வழியாக ஒவ்வொரு ஜாக்கிக்கும் போகும் எண்ணெயைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது. உயர்வு சீராகிறது என்பதில் ஐயமில்லை. அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஏதாவது ஓர் இடத்தில் தளம் சிக்கியிருந்தால், உயர்வைச் சமமாக்கும் பொறுப்பேற்ற கருவி அந்த இடத்தில் விசையை ஏற்றிக்கொண்டே போகும். எனவே உயர்வுக்கும் எல்லை வேண்டும், அழுத்தத்துக்கும் எல்லை வேண்டும். இரண்டில் எது முதலில் தொடப்பட்டாலும் நிற்க வேண்டும்.

சிறிய பாலங்களில் கைப் பம்பும் டயல் கேஜும் கொண்டு 1 மில்லிமீட்டர் படிகளாகத் தூக்குவது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நடத்துபவர் பொறுமைசாலியாக இருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கருவி என்பதைவிட வரிசையைக் காப்பதே முக்கியமாகத் தெரிகிறது. முதலில் விரிவு இணைப்பில் அடைத்திருக்கும் மண்ணையும் கல்லையும் எடுத்து, கைப்பிடியையும் குழாயையும் கேபிளையும் விடுவிக்க வேண்டும். பிறகு கணக்கிட்ட எடையில் பத்தில் ஒரு பங்கை ஏற்றி ஜாக்கிகள் சரியாக அமர்ந்துள்ளனவா என்று பார்த்து, அளவுமானிகளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து பாதி, முக்கால், பத்தில் ஒன்பது என்று ஏற்றி ஒவ்வொன்றிலும் சில நிமிடம் நிறுத்த வேண்டும். எழும்பும் கணத்தை அழுத்தமும் உயர்வும் சேர்ந்து காட்டும்: அதுவரை அழுத்தம் ஏறும், உயர்வு இராது. எழுந்த பின் உயர்வு கூடும், அழுத்தம் ஏறக்குறைய மாறாது. 250 பாரில் எழ வேண்டிய தளம் 290 பாரிலும் அசையவில்லை என்றால் தளத்தின் எடை கூடிவிட்டது என்று எண்ணிப் பம்பைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. எங்கோ சிக்கியிருக்கிறது. அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தேட வேண்டும். மேலே மறுதார் போட்டுப் போட்டு எடை நிஜமாகவே கூடியிருப்பதும் நடப்பதுதான். அதை முன்கூட்டியே தாரைத் துளைத்து அளந்து அறிந்திருக்க வேண்டும்.

ஒரே கண்ணின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தூக்கக் கூடாது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். பேரிங்குகளை விட்டு எழுந்த தளத்தைக் கிடையாகப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஒரு முனையாவது தன் பேரிங்கில் இருந்தால் அது பிடிமானம். அப்போதும் தூக்கிய முனைக்குப் பக்கவாட்டுத் தடுப்புகள் தேவை, ஏனெனில் ஜாக்கி செங்குத்தான பாரத்துக்காகச் செய்யப்பட்டது, சாய்வை அது பொறுக்காது.

எதன் மேல் நின்று தூக்குவது

தற்காலிகத் தாங்கு பற்றிய கருத்து வேறுபாடு, பாலம் கட்டிய தலைமுறை விட்டுச்சென்ற இடத்தைப் பொறுத்தது. பேரிங்குக்குப் பக்கத்தில் தூண்தொப்பியின் மேலேயே ஜாக்கிக்கு இடமிருந்தால் அதைவிடச் சிறந்த இடமில்லை. பாரம் போக வேண்டிய வழியிலேயே போகிறது, அடியில் எதுவும் அமிழாது. இதில் கவனிக்க வேண்டியது விளிம்பு. 17.5 டன்னை 15 சென்டிமீட்டர் சதுரத் தகட்டில் இறக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 78 கிலோ. 20 சென்டிமீட்டர் தகட்டில் அது 44 கிலோவாகக் குறைகிறது. 200 கிலோ வலிமையுள்ள பழைய கான்கிரீட்டில் இந்த வேறுபாடு பெரியது. பெரிய தகடு வைக்கப் போய் அது தொப்பியின் ஓரத்துக்கு வந்துவிட்டால், ஓரம் சரிவாகப் பெயர்ந்து விழும் ஆபத்து இருக்கிறது. அந்த ஓரத்தில் கம்பி இருக்கிறதா என்பதைப் பழைய வரைபடம் சொல்லும். வரைபடம் கிடைக்காத பாலங்களில் கம்பியைத் தேடும் கருவி கொண்டு அறிய வேண்டும்.

இடமில்லாத பாலங்களில் தூணின் இரு பக்கமும் எஃகுத் தாங்குகளைப் பொருத்தி, தூணை ஊடுருவும் கம்பிகளால் இறுக்கி, அதன் மேல் ஜாக்கி வைப்பது இரண்டாவது வழி. இங்கே பாரம் உராய்வாலும் கம்பியாலும் தூணுக்குள் போகிறது. தூணின் உட்கம்பியை அறுக்காமல் துளையிடுவதும், கம்பியில் இறுக்கம் குறையாமல் இருப்பதை உறுதி செய்வதும் இதன் கடினங்கள்.

ஆற்றுப் படுகையிலிருந்து எஃகுச் சட்டக் கோபுரம் எழுப்பித் தூக்குவது மூன்றாவது வழி. கண்ணுக்கு மிகப் பாதுகாப்பாகத் தெரியும் இது, உண்மையில் அதிகக் கவனம் கேட்பது. 105 டன்னை ஆற்று மணலில் இறக்க, சதுர மீட்டருக்கு 10 டன் என்று வைத்தால், பத்துச் சதுர மீட்டருக்கு மேல் அடித்தளம் வேண்டும். அந்தப் பாரத்தில் மணல் 10 மில்லிமீட்டர் அமிழ்வது எதிர்பார்க்கத்தக்கதே. ஆறு மீட்டர் உயர எஃகுக் கால்களும் 2 மில்லிமீட்டர் வரை குறுகலாம். நாம் தூக்க நினைத்த உயரமோ 5 மில்லிமீட்டர். தூக்கும்போது இந்த அமிழ்வை ஜாக்கி ஈடுசெய்துவிடும். தூக்கி நிறுத்திய பிறகு இரவோடு இரவாக ஒரு கோபுரம் மட்டும் மேலும் அமிழ்ந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதனால் கோபுரத்தை முன்கூட்டியே முழுப் பாரத்துக்கும் அழுத்திப் பார்த்து, அமிழ்வு நின்ற பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பார்கள். தற்காலிகக் கட்டுமானங்களுக்கான இந்திய சாலைப் பேரவையின் 87-ஆம் விதிநூலும் இவற்றை நிரந்தரக் கட்டுமானத்துக்குரிய கவனத்துடனேயே அணுகுகிறது.

எந்தத் தாங்காக இருந்தாலும் ஒரு விதியில் விவாதமில்லை: தளம் எண்ணெயின் மேல் நிற்கக் கூடாது. உயர்த்தியதும் ஜாக்கியின் பூட்டு வளையத்தைத் திருகி இறக்கவோ, எஃகுத் தகடுகளை அடுக்கி அவற்றின் மேல் பாரத்தை மாற்றவோ வேண்டும். ஒரு வாஷர் கசிந்தால் போதும், அழுத்தம் சில நிமிடங்களில் வடிந்துவிடும். அடியில் கை நுழைத்துப் பேரிங்கை உருவும் தொழிலாளியின் உயிர் இந்தத் தகடுகளில் இருக்கிறது. பூட்டுவதற்கு முன் நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் அழுத்தமானிகள் பேசுவதைக் கேட்கத் தெரிய வேண்டும். ஒரு ஜாக்கியின் அழுத்தம் இறங்கிப் பக்கத்துக் கர்டர்களின் அழுத்தம் ஏறினால், இறங்கிய ஜாக்கி கசிகிறது அல்லது அதன் தாங்கு அமிழ்கிறது. குழாயிலும் இணைப்பிலும் எண்ணெய் தெரியவில்லை என்றால் உடனே தாங்கின் அடியைப் பார்க்க வேண்டும்.

மூடுவதா, ஓடவிடுவதா

இனி மையக் கேள்விக்கு வரலாம். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் விதிநூல், பேரிங் மாற்ற ஜாக்கி வைக்கும் இடத்தை நிலையான பாரத்தின் 1.3 மடங்குக்குக் குறையாமல் வடிவமைக்கச் சொல்கிறது. பாலம் மூடப்படாவிட்டால் அந்த நேரத்துப் போக்குவரத்துத் திட்டத்துக்கு ஏற்ற வண்டிப் பாரத்தையும் உரிய காரணியோடு சேர்க்கச் சொல்கிறது. அதாவது ஓடவிடுவதை அது தடுக்கவில்லை, அதன் விலையைக் கணக்கில் எழுதச் சொல்கிறது. இந்தியாவில் பாலங்களைப் பலப்படுத்துவதற்கும் சீரமைப்பதற்கும் ஒரு சிறப்பு வெளியீடும், வேலை நடக்கும் சாலையில் போக்குவரத்தை நடத்துவதற்கு வேறொரு சிறப்பு வெளியீடும் உள்ளன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு செய்முறை அறிக்கை எழுதுபவரிடமே விடப்பட்டிருக்கிறது.

மாதிரிப் பாலத்தில் அந்த விலையைப் பார்ப்போம். இந்திய விதிநூலின் கனரக வண்டித் தொடர் 100 டன். அது தூணுக்கு அருகே வந்து நின்றால் அந்த முனைக்கு 75 டன் அளவில் வரும். அதில் பாதி ஒரே கர்டருக்குப் போகக்கூடும். குலுக்கலின் கூடுதலைச் சேர்க்காமலே 35 டன் தாங்கிய கர்டர் 70 டன்னுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கிறது. ஜாக்கி, தகடு, தாங்கு, தூணின் ஓரம் எல்லாவற்றுக்கும் பாரம் இரட்டிக்கிறது. இருசக்கர வண்டிகளையும் கார்களையும் மட்டும் விட்டால் கூடுதல் சில டன்தான். எனவே ‘போக்குவரத்தை நிறுத்துவதா’ என்று கேட்பதை விட்டு ‘எந்தப் போக்குவரத்தை, வேலையின் எந்தக் கட்டத்தில்’ என்று கேட்பது பொருத்தம்.

இந்த இடத்தில் இரண்டு இந்திய அனுபவங்கள் உதவுகின்றன. மும்பையின் சயான் மேம்பாலத்தில் 170 பேரிங்குகளை மாற்ற 2020 பிப்ரவரியில் வேலை தொடங்கியபோது, வியாழன் இரவிலிருந்து திங்கள் அதிகாலை வரை மூடி, வார நாட்களில் திறந்துவிடும் தவணை முறையைத் தேர்ந்தார்கள். திருச்சியில் சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் வேறு வழி எடுக்கப்பட்டது. 1976-இல் திறக்கப்பட்ட, 540 மீட்டர் அளவுள்ள அந்தப் பாலம் பேரிங்குகளையும் விரிவு இணைப்புகளையும் புதுப்பிக்க 2022 செப்டம்பரில் மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இருசக்கர வண்டிகளை விட்டிருந்தார்கள், பிறகு அவற்றையும் நிறுத்தினார்கள்.

தவணை முறையின் கவர்ச்சி வெளிப்படை. நகரம் வாரத்தில் மூன்று நாள்தான் சிரமப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு தவணையின் முடிவிலும் பாலம் வண்டிகளைத் தாங்கத் தயாராக இருந்தாக வேண்டும். தூக்குவதும் இறக்குவதும் சில மணி நேர வேலை. நேரத்தை விழுங்குவது பீடத்தின் மேல் ஊற்றும் சுருங்காச் சாந்து இறுகுவதுதான். நல்ல சாந்து ஒரு நாளில் தேவையான வலிமைக்கு நெருங்கலாம், குளிர்ந்த இரவில் இன்னும் தாமதிக்கலாம். ஞாயிறு மாலை ஊற்றிய சாந்தைத் திங்கள் அதிகாலையில் நம்ப முடியாது. ஆகவே தவணையின் நீளத்தை ஜாக்கி தீர்மானிப்பதில்லை, சாந்துதான் தீர்மானிக்கிறது. அதே சாந்தில் வார்த்த சோதனைக் கட்டிகளை உடைத்துப் பார்த்த பின்பே பாரத்தை இறக்குவது என்று எழுதாத தவணைத் திட்டம் முழுமையற்றது. முழு மூடலில் இந்த அவசரம் இல்லை. அதன் செலவு வேறிடத்தில், மாற்றுச் சாலையில் திருப்பிவிடப்பட்ட பேருந்துப் பயணிகள் தினமும் செலுத்தும் நேரத்தில், இருக்கிறது. அந்தச் செலவு ஒப்பந்தத் தொகையில் வருவதில்லை என்பதால் அது குறைவாக மதிப்பிடப்படுகிறது என்றே படுகிறது.

பாதி அகலத்தை மட்டும் மூடுவது மூன்றாவது வழி. சாலை வேலையில் இது பழகிப்போனது, அதனால் பாலத்துக்கும் சரிவரும் என்று எளிதில் எண்ணிவிடுகிறார்கள். மூன்று கர்டர்களும் ஒரே தளத்தால் பிணைக்கப்பட்டிருக்கும்போது பாதித் தளத்தைத் தூக்க முடியாது, முழு முனையையும்தான் தூக்க வேண்டும். தூக்கிய முனையின் ஒரு பக்கம் மட்டும் பேருந்துகள் ஓடினால் அந்தப் பக்க ஜாக்கிகள் மட்டும் பாரமேறி இறங்கும், தளம் முறுக்கப்படும். இருவழிகளும் தனித்தனித் தளங்களாகக் கட்டப்பட்ட பாலத்தில்தான் இம்முறை தன் பெயருக்கேற்ப வேலை செய்யும்.

நடைமுறையில் பலரும் வந்து சேரும் சமரசம் இது: ஜாக்கி இயங்கும் நேரத்தில் எந்த வண்டியும் இல்லை. பூட்டி நிறுத்திய பின் இலகு வண்டிகள் மட்டும், மெதுவாக, விரிவு இணைப்பின் 5 மில்லிமீட்டர் படியின் மேல் போட்ட சரிவுத் தகட்டின் வழியாக. கனரக வண்டிகளுக்கு மாற்றுப் பாதை. அந்தப் படியைத் தகடால் மூடாவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் அதில் மோதும், வேகக் கட்டுப்பாட்டால் குறைத்த குலுக்கல் அங்கே திரும்பி வந்துவிடும். உயரத் தடுப்புக் கம்பி பேருந்தையும் லாரியையும் நிறுத்தும். தாழ்வான, ஆனால் கல்லும் எம்சாண்டும் மிகையாக ஏற்றிய வண்டியை அது நிறுத்தாது, அதற்கு ஆள்தான் வேண்டும்.

அமராவதிக் கரையின் நாட்காட்டி

தாராபுரம் பகுதியில் இந்தக் கேள்வி இன்னொரு கணக்கையும் கேட்கிறது. அமராவதியின் நீர்வரத்து உடுமலைக்குத் தெற்கே உள்ள அணையைப் பொறுத்தது. மேற்கு மலையில் தென்மேற்குப் பருவம் வலுத்தால் ஆடியிலும், வடகிழக்குப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகையிலும் அணை நிரம்பி உபரிநீர் வரலாம். பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரும் உண்டு. படுகையில் கோபுரம் நிறுத்துவதென்றால் தை முதல் சித்திரை வரைதான் ஓரளவு நம்பத்தக்க காலம். அப்போதும் நீர்வளத் துறையிடம் திறப்புத் தேதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் தொடங்குவது சரியல்ல. ஓடும் நீர் அடித்தளத்தின் ஓரத்து மணலை அரித்தால் அமிழ்வுக் கணக்குகள் எதுவும் நிற்காது.

அதே தையில்தான் தைப்பூசம் வருகிறது, பங்குனியில் உத்திரம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் காவடிக் கூட்டங்களும் தாராபுரம் வழியாகப் பெருந்திரளாக நடக்கிறார்கள். கனரக வண்டிகளை நிறுத்திவிட்டால் பாரம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நெருக்கமாக நடக்கும் கூட்டம் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோ வரை ஏற்றக்கூடும். 20 மீட்டர் கண் முழுவதும் அப்படி நிறைந்தால் 60 டன்னைத் தாண்டும். திருவிழா நாட்களில் தளம் பேரிங்கின் மேல்தான் இருக்க வேண்டும், தாங்கின் மேல் அல்ல. இந்த ஒரு நிபந்தனையே தூண்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதை மாற்றிவிடும்.

இரவில் மூடிப் பகலில் திறக்கும் யோசனையும் இங்கே எளிதல்ல. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்து போகும் காய்கறி லாரிகளில் பல இரவில்தான் ஓடுகின்றன. தாராபுரம், காங்கயம், உடுமலை வட்டாரக் காற்றாலைகளுக்கான இறக்கைகளையும் கோபுரத் துண்டுகளையும் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களையும் எந்தக் கிராமச் சாலை வழியாகவும் திருப்பிவிட முடியாது. இவற்றுக்கு முன்கூட்டியே தேதி குறித்து, பாலம் முழுதாகத் தன் பேரிங்குகளில் நிற்கும் நாளில் விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வெயில் காலத்து நண்பகலில் தளத்தின் மேல்பக்கம் சூடேறி முதுகு வளைவதால் அளவுகள் பொய் சொல்லும். தூக்குவதற்கும் இறக்குவதற்கும் விடிகாலையே ஏற்றது. அந்த நேரம் லாரிகள் குறையும் நேரமாகவும் அமைவது நல்லூழ்.

தீராமல் நிற்பவை

சில கேள்விகளுக்கு விடை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஜாக்கி இயங்கும்போது மேலே வண்டி கூடாது. தளம் எண்ணெயின் மேல் நிற்கக் கூடாது. ஒரு வரிசையில் ஒரு பேரிங் கெட்டிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும், ஏனெனில் பழையதும் புதியதும் ஒரே அளவு அமுங்காது, கர்டர்களுக்கிடையே பாரப் பங்கீடு மாறிவிடும்.

பூட்டி நிறுத்திய நிலையில் கனரக வண்டிகளை விடலாமா என்பதற்குக் கணக்கில் ‘ஆம்’ என்று சொல்ல முடியும். தாங்கையும் ஜாக்கியையும் இரட்டிப்புப் பாரத்துக்குச் செய்தால் போதும். களத்தில் அந்த ‘ஆம்’ எவ்வளவு நம்பத்தக்கது என்பது தெளிவாக இல்லை. வண்டி பிரேக் அடிக்கும்போது தூக்கிய முனையில் உண்டாகும் கிடைவிசையைப் பக்கவாட்டுத் தடுப்புகள் எவ்வளவு வாங்குகின்றன, ஜாக்கியின் தலை எவ்வளவு வாங்குகிறது என்பது பாலத்துக்குப் பாலம் மாறும். நம் சாலைகளில் மிகைப்பாரம் எவ்வளவு என்பதும், அது விதிநூலின் 100 டன் தொடருக்குள் எப்போதும் அடங்குமா என்பதும் உறுதியில்லை. இந்த நிலையில் முழு மூடலின் பக்கம் சாய்வதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. மாற்றுப் பாலம் 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில் அதே சாய்வு மக்கள் மேல் பெரும் சுமையாகிறது. இந்த எடைபோடலுக்குப் பொதுவான அளவுகோல் இன்னும் உருவாகவில்லை.

இதைவிட அடிப்படையான இடைவெளி ஒன்று உண்டு. ஒவ்வொரு தூக்குதலிலும் அழுத்தமும் உயர்வும் பதிவாகின்றன. அந்தப் பதிவு பாலத்தின் உண்மையான எடை, எங்கே சிக்கியது, எந்தக் கர்டர் எவ்வளவு சுமக்கிறது என்று சொல்கிறது. வேலை முடிந்ததும் அது ஒப்பந்தக் கோப்போடு போய்விட்டால், அடுத்த முறை அதே பாலத்தைத் தூக்குபவர் மீண்டும் ஊகத்திலிருந்தே தொடங்குவார். புதிதாகக் கட்டும் பாலங்களில் ஜாக்கிக்கென்று இடமும், குறுக்கு உத்தரத்தில் அதற்கான கம்பியும் வைப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கட்டிய ஆயிரக்கணக்கான பாலங்களில் அந்த இடம் இல்லை. அவற்றின் ரப்பர் இப்போதுதான் முதிர்ந்து வருகிறது.